"50% வரை" என்பதில் காணாமல் போகும் "வரை": தலைமைக் கணக்கும் கிளைக் கணக்குகளும்

ஒரு ஜவுளி நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் தலைமை அலுவலகம், தி.நகர், வேளச்சேரி, புதுச்சேரி, கோவை, மதுரை, திருநெல்வேலி என்று ஆறு கிளைகள். ஆடித் தள்ளுபடிக்குத் தலைமை அலுவலகத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் "50% வரை தள்ளுபடி" என்று ஒரு படம் போகிறது. நெல்லைக் கிளையில் அதைப் பார்த்த ஊழியர், கடையின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் "நம்ம கடையில் 50% தள்ளுபடி" என்று தட்டிப் போடுகிறார். யாரையும் ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. அவசரத்தில் ஒரே ஒரு சொல் விழுந்துவிட்டது. மறுநாள் போனை நீட்டிக் கேட்கும் வாடிக்கையாளரிடம் "அது சில ரகத்துக்கு மட்டும்தாங்க" என்று சொல்லி வசவு வாங்கிக்கொள்வது, இந்த இரண்டு பதிவிலும் சம்பந்தப்படாத பில் கவுன்டர் பெண்.

இந்தக் கட்டுரையில் "கணக்கு" என்பது வரவு செலவு அல்ல. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், கூகுள் மேப்பில் தெரியும் கடை விவரப் பக்கம் ஆகியவற்றைத்தான் சொல்கிறோம். ஆறு கிளைக்கும் இந்த நான்கும் இருந்தால் 24. தலைமை அலுவலகத்தின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் மூன்றையும் சேர்த்தால் 27. ஒரே தகவலை 27 இடத்தில் 7 பேர் தட்டினால் எங்காவது பிசகும். ஆட்களைத் திட்டுவதாலோ, "ஒரே குரலில் பேச வேண்டும்" என்று சுற்றறிக்கை விடுவதாலோ இது சரியாகாது. எந்தத் தகவல் யாருடையது என்று பிரிப்பதும், அதைத் தட்டும் கைகளைக் குறைப்பதும்தான் வழி.

முதலில் எத்தனை கணக்கு என்று எண்ணுங்கள்

பெரும்பாலான நிறுவனங்களுக்குத் தங்கள் பெயரில் எத்தனை கணக்கு இருக்கிறது என்பதே தெரியாது. கடையின் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து, தமிழிலும் ஆங்கிலத்திலும், நான்கு தளங்களிலும் தேடிப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு முன் வேலையை விட்டுப் போன மேனேஜர் தொடங்கிய ஃபேஸ்புக் பக்கம், கடை இடம் மாறியபின்னும் பழைய முகவரியோடு கூகுளில் கிடக்கும் இன்னொரு விவரம், திறப்பு விழாவுக்கு மட்டும் ஆரம்பித்த இன்ஸ்டாகிராம் என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, அதற்குப் பக்கத்தில் யாருடைய போன் எண்ணில் அல்லது மின்னஞ்சலில் அது பதிவாகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தாளில் முக்கியமான பத்தி அதுதான். ஃபேஸ்புக் பக்கத்தில் முழு அதிகாரம் ஒருவரின் சொந்தக் கணக்கில் மட்டும் இருந்தால், அவர் போகும்போது பக்கமும் அவரோடு போய்விடும். நிறுவனத்தின் வணிகக் கணக்கின் கீழ் பக்கத்தைக் கொண்டுவந்து, முழு அதிகாரத்தைத் தலைமை அலுவலகத்தில் குறைந்தது இரண்டு பேரிடம் வைத்துவிட்டு, கிளை ஊழியருக்குப் பதிவு போடவும் செய்திக்குப் பதில் சொல்லவும் மட்டும் அனுமதி தரலாம். கூகுளில் உரிமையாளர், மேலாளர் என்று இரண்டு நிலை உண்டு. மேலாளரால் நேரத்தை மாற்ற முடியும், விமர்சனத்துக்குப் பதில் சொல்ல முடியும். ஆட்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. கிளைக்கு இதுவே போதும். புதிதாக உரிமையாளராகச் சேர்ந்தவர் முதல் 7 நாட்களுக்கு மற்ற உரிமையாளர்களை நீக்க முடியாது என்பதால், இந்த வேலையை ஆடி பிறப்பதற்கு முந்தின வாரம் தொடங்கினால் சிக்கிக்கொள்வீர்கள்.

எண்ணி முடித்ததும் எத்தனை கணக்கை மூடலாம் என்று பாருங்கள். கூகுள் விவரம் கிளைக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். கடை எங்கே, எத்தனை மணி வரை என்று ஆட்கள் தேடுவது அங்கேதான். வாட்ஸ்அப் எண்ணும் கிளைக்குத் தனியாக வேண்டும். "அந்த நீலப் புடவை இன்னும் இருக்கா?" என்ற கேள்விக்குச் சென்னையிலிருந்து பதில் சொல்ல முடியாது. ஆனால் ஆறு கிளைக்கும் ஆறு இன்ஸ்டாகிராம் எதற்கு? வாரம் இரண்டு பதிவு போடுவதற்கென்று ஆள் இல்லாத கிளையில் அந்தக் கணக்கு பழைய சலுகைகளின் கிடங்காகத்தான் மாறும். நம் நிறுவனத்தில் மதுரையும் கோவையும் மட்டும் தனி இன்ஸ்டாகிராம் வைத்துக்கொள்ளட்டும். கிளைகளின் தனி ஃபேஸ்புக் பக்கங்களை மூடிவிட்டால் 27 என்பது 17 ஆகிறது.

எந்தத் தகவல் யாருடையது

"பெரிய விஷயம் தலைமைக்கு, சின்ன விஷயம் கிளைக்கு" என்று பிரிப்பது வழக்கம். அது நிற்காது. கடை நேரம் சின்ன விஷயமா, பெரிய விஷயமா? அதைவிட, உண்மை முதலில் எங்கே தெரியவருகிறது என்று பார்த்துப் பிரிப்பது நல்லது. விலை, தள்ளுபடி, திருப்பி எடுக்கும் விதி, பரிசுக் கூப்பன், வேலைவாய்ப்பு அறிவிப்பு ஆகியவை தலைமை அலுவலகத்தில் பிறப்பவை. கடை திறந்திருக்கிறதா, என்ன சரக்கு வந்திருக்கிறது, வண்டி எங்கே நிறுத்தலாம், தையல் துணி என்றைக்குக் கிடைக்கும் ஆகியவை கிளையில் பிறப்பவை. சித்திரைத் திருவிழாத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் எந்தப் பக்கம் வண்டி விடமாட்டார்கள் என்பது மதுரைக் கிளைக்குத்தான் தெரியும். அதைத் தலைமை ஒப்புதல் கொடுத்தபின் போடு என்றால், ஒப்புதல் வரும்போது தேர் நிலைக்கு வந்திருக்கும்.

விதி இரு பக்கமும் கட்டுப்படுத்த வேண்டும். கிளை தன் சொந்தச் சொற்களில் தள்ளுபடியைப் பற்றி எழுதக் கூடாது. அதேபோல் தலைமை அலுவலகம் ஒரு கிளையின் நேரத்தையோ சரக்கையோ பற்றித் தானாக உறுதி சொல்லக் கூடாது. இரண்டாவது மீறல்தான் அதிகம் நடக்கிறது. தலைமை செய்வதால் யாரும் அதைத் தவறு என்று சொல்வதில்லை.

நடுவில் ஒரு சாம்பல் பகுதி உண்டு. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் போகும் கூட்டம் நெல்லைக்கு வந்து துணி எடுக்கும், அன்று மட்டும் தலைமை அறிவித்த 20%-க்கு மேல் கூடுதலாக 5% தரலாம் என்று நெல்லை மேனேஜர் கேட்கிறார். வியாபாரக் கணக்கில் அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் சதவீதத்தின் மேல் சதவீதம் வந்தால், மதுரை வாடிக்கையாளர் "அங்கே 25, இங்கே 20 ஏன்?" என்பார். பில்லிங்கில் 20-ம் 5-ம் சேர்ந்து 25 ஆகிறதா, 20 போக மீதியில் 5 கழிந்து 24 ஆகிறதா என்ற தகராறும் கூடவே வரும். உள்ளூர்ச் சலுகை வேறு இனத்தில் இருக்கட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் ஒரு ரவிக்கைத் துணி என்று நெல்லை கொடுத்தால், அது தலைமையின் எந்த எண்ணோடும் மோதாது.

ஆடித் தள்ளுபடி: ஒரு தாள், ஒரு வரிசை

மேலே சொன்ன பிரிவினை நடைமுறையில் நிற்பது ஒரே ஒரு தாளால்தான். அதற்கு எண்ணும் திருத்த எண்ணும் இருக்க வேண்டும். நம் நிறுவனத்தின் தாள் இப்படி இருக்கும்:

> அறிவிப்பு 7, திருத்தம் 2.
> சலுகை: பருத்திப் புடவை 20%. 12 வயது வரையான குழந்தைகள் உடை 30%. மஞ்சள் அட்டை போட்ட பழைய இருப்பு 50%.
> கிடையாது: பட்டு, பள்ளிச் சீருடை, தையல் கூலி.
> நாள்: ஜூலை 17 காலை கடை திறந்ததிலிருந்து ஆகஸ்ட் 10 இரவு கடை மூடும் வரை.
> கிளை: ஆறும். வேளச்சேரியில் குழந்தைகள் பிரிவு இல்லை.
> கேள்வி வந்தால் பேச வேண்டியவர்: தலைமை அலுவலக விற்பனைப் பிரிவு.

"ஆகஸ்ட் 10 வரை" என்று மட்டும் எழுதினால் 10-ஆம் தேதி உள்ளேயா வெளியேயா என்று சண்டை வரும். அதனால்தான் "கடை மூடும் வரை". "குழந்தைகள் உடை" என்றால் 14 வயதுப் பையனின் சட்டை சேருமா என்ற கேள்விக்கு வயது பதில் சொல்கிறது. "தேர்ந்தெடுத்த ரகங்கள்" என்ற சொல்லுக்குக் கடையில் ஒரு அடையாளம் வேண்டும். மஞ்சள் அட்டை அதைச் செய்கிறது. தாளில் உள்ள பிரிவுப் பெயர்கள் பில்லிங் மென்பொருளில் உள்ள பெயர்களாகவே இருக்க வேண்டும். விளம்பரத்தில் "ரெடிமேட்", பில்லில் "குழந்தைகள் உடை" என்று இரண்டு பெயர் இருந்தால், அந்த இடைவெளியில்தான் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் கண்டுபிடிப்பார்கள்.

தாள் கிளைகளுக்கு 14 நாள் முன்பு போகிறது. கிளை மேனேஜர்கள் சேர்க்க ஆசைப்படுவதை எழுத வேண்டாம், முடியாததை மட்டும் எழுதினால் போதும். வேளச்சேரியில் குழந்தைகள் பிரிவு இல்லை என்ற வரி அப்படித்தான் திருத்தம் 2-இல் ஏறியது. அது இல்லாமல் விளம்பரம் போயிருந்தால் குழந்தையோடு வேளச்சேரிக்கு வந்து திரும்புகிறவர்கள் இருந்திருப்பார்கள். இது மரியாதைப் பிரச்சினை மட்டுமல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ், தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022-இல் வந்த வழிகாட்டு விதிகள், ஆசை காட்டி இழுக்கும் விளம்பரத்துக்கு நிபந்தனைகள் வைக்கின்றன. விளம்பரம் செய்த விலையில் விற்கப் போதுமான சரக்கு இருக்க வேண்டும்; குறைவாக இருந்தால் அதைச் சொல்ல வேண்டும்; சில இடங்களில் மட்டும்தான் என்றால் அதையும் சொல்ல வேண்டும். அதே விதிகள், நிபந்தனை வரிகளும் விளம்பரத்தின் முக்கியக் கூற்றும் ஒரே மொழியில் இருக்கச் சொல்கின்றன. "ஆடித் தள்ளுபடி 50% வரை" என்று தமிழில் பெரிதாகப் போட்டுவிட்டு, நிபந்தனைகளை ஆங்கிலத்தில் ஓரமாகத் திணிக்கும் வழக்கம் அதில் நேராக மாட்டிக்கொள்கிறது.

7 நாள் முன்பு தாள் உறுதியாகிறது. 3 நாள் முன்பு ஒவ்வொரு கிளையிலும் ஒரு சோதனைப் பில்: ஒரு பருத்திப் புடவை, வேளச்சேரி தவிர மற்ற கிளைகளில் ஒரு குழந்தைச் சட்டை, ஒரு பட்டு, மஞ்சள் அட்டை போட்ட ஒன்று. ஒவ்வொன்றிலும் தாளில் உள்ளபடி தள்ளுபடி விழுகிறதா என்று பார்த்துப் பில்லின் படத்தைத் தலைமைக்கு அனுப்ப வேண்டும். ஆறு பில்லும் சரியாக வந்தபின்தான் மற்றவை.

வெளியிடும் வரிசை உள்ளிருந்து வெளியே போக வேண்டும். முதலில் பில்லிங், பிறகு கவுன்டர் ஊழியர், பிறகு வாட்ஸ்அப்பின் விரைவுப் பதில், கூகுளில் ஆரம்ப, முடிவுத் தேதி போட்ட சலுகைப் பதிவு, கடைசியாகத்தான் இன்ஸ்டாகிராமும் தலைமை ஃபேஸ்புக்கும் நாளிதழும். விரைவுப் பதிலில் தாளின் சொற்கள் அப்படியே ஏற்றப்பட்டிருந்தால், கிளை ஊழியர் `/aadi` என்று தட்டினால் போதும், "வரை" விழாது. முடியும்போது வரிசை தலைகீழ்: விளம்பரம் முதலில் நிற்க வேண்டும், பில்லிங் கடைசியில். பல இடங்களில் நள்ளிரவில் பில்லிங் தானாக நின்றுவிடுகிறது. கட்டண விளம்பரம் இன்னும் இரண்டு நாள் ஓடுகிறது.

மதுரையும் கோவையும் இன்ஸ்டாகிராமில் இதைத் தனியாகப் போட வேண்டியதில்லை. தலைமைக் கணக்கு பதிவிட்டு, அந்த இரண்டையும் கூட்டுப் பதிவுக்கு அழைத்தால், அவர்கள் ஏற்றதும் ஒரே பதிவு மூன்று பக்கத்திலும் தெரியும். விருப்பமும் கருத்தும் ஒரே இடத்தில் சேரும். வாசகத்தில் பிழை இருந்தால் ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும். ஆனால் வாசகத்தை மட்டும்தான் அப்படித் திருத்த முடியும். படத்துக்குள் இருக்கும் எழுத்தில் பிழை என்றால் பதிவையே நீக்கிவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்.

படத்தைப் பற்றி இன்னொன்று. வாட்ஸ்அப்பில் படம் தனியாகப் பயணிக்கும். அதோடு எழுதிய வாசகம் அதோடு போகும் என்று நம்ப முடியாது. எனவே தேதி, கிளைகள், "கிடையாது" பட்டியல், அறிவிப்பு எண் எல்லாம் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். வருடத்தையும் போடுங்கள். இந்த ஆடிக்குப் போட்ட படம் அடுத்த ஆடிக்கு யாரோ ஒரு பெரியம்மாவின் குடும்பக் குழுவிலிருந்து புறப்பட்டு வரும்.

மோதிய பிறகு

இவ்வளவுக்குப் பிறகும் நெல்லை ஸ்டேட்டஸில் "50% தள்ளுபடி" போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டேட்டஸை நீக்குவது எளிது. அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் காட்டும் கடையின் சொந்த அறிவிப்பில் எது அவருக்கு நல்லதோ அதைக் கொடுப்பது, ஒரு பில்லுக்கு இத்தனை ரூபாய் வரை மேனேஜரே முடிவு செய்வது, அதற்கு மேல் தலைமைக்குப் போன் போடுவது என்ற விதி பெரும்பாலும் போதும். அந்த இழப்பு யார் தலையில் என்பதையும் எழுதி வையுங்கள். தலைமையின் பதிவால் வந்த இழப்பு நெல்லையின் லாபத்தில் கழிந்தால், அடுத்த முறை மேனேஜர் வாடிக்கையாளரோடு சண்டை போடுவார். பில்லிங்கில் இதற்கென்று தனிக் காரணக் குறி வைத்தால், மாதக் கடைசியில் எந்தக் கணக்கின் பிழை எவ்வளவு செலவு வைத்தது என்பதும் தெரிந்துவிடும்.

கருத்துப் பெட்டியில் வேறு வகை மோதல் நடக்கும். தலைமைப் பதிவின் கீழ் ஒருவர் "மதுரையில் 30% தரலை" என்று எழுதுகிறார். தலைமைக் கணக்கு உடனே "கண்டிப்பாகக் கிடைக்கும் சார்" என்கிறது. ஐந்து நிமிடத்தில் மதுரைக் கணக்கு "நீங்கள் எடுத்தது 14 வயது அளவு" என்று எழுதுகிறது. இரண்டும் தனித்தனியாக நல்ல பதில்தான், சேர்த்துப் படித்தால் கேலிக்கூத்து. புகார் எந்தக் கணக்கின் கீழ் வந்ததோ அந்தக் கணக்கு மட்டும் வெளியில் எழுத வேண்டும். பில் எண்ணைத் தனிச் செய்தியில் கேட்டு, உள்ளே கிளையிடம் விசாரித்து, முடிவை அதே இடத்தில் சொல்ல வேண்டும். கூகுள் விமர்சனம் கிளையின் பெயரில் வருவதால் அதற்குக் கிளை மேனேஜரே பதில் எழுதலாம். பணம் திருப்புதல், காயம், ஊழியர் நடத்தை பற்றிய புகார் என்றால் மட்டும் தலைமை பார்த்தபின் எழுதட்டும்.

மழை நாள்

2023 டிசம்பரை நினைத்துப் பாருங்கள். மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. தெற்கே கடைகள் திறந்திருந்தன. இரண்டு வாரம் கழித்து, 17, 18 தேதிகளில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் வெள்ளத்தில். சென்னையில் வழக்கமான நாள். நம் ஆறு கிளை நிறுவனம் அப்போது இருந்திருந்தால் இரண்டு வகையிலும் தவறியிருக்கும். முதல் வெள்ளத்தில் சென்னைக்காரர்கள் தலைமைக் கணக்கில் "இன்று கடை விடுமுறை" என்று போட்டிருப்பார்கள். கோவை வாடிக்கையாளர் வீட்டிலேயே இருந்திருப்பார். இரண்டாவதில், முன்கூட்டியே நேரம் குறித்து வைத்த புத்தாண்டுச் சலுகைப் பதிவு, நெல்லை மக்கள் மொட்டை மாடியில் நிற்கும் நேரத்தில் சிரித்துக்கொண்டு வெளியே போயிருக்கும்.

முதல் தவறுக்கு மருந்து எளிது: மூடல் அறிவிப்பின் முதல் சொல் கிளையின் பெயராக இருக்க வேண்டும், கடைசி வரியில் "மற்ற கிளைகள் வழக்கம்போல்" என்று வர வேண்டும். அந்தக் கிளையின் கூகுள் விவரத்தில் வழக்கமான நேரத்தைத் தொடாமல் சிறப்பு நேரத்தில் அந்தத் தேதியை மட்டும் "மூடப்பட்டது" என்று மாற்ற வேண்டும். வழக்கமான நேரத்தை மாற்றியவர்கள், மழை விட்டதும் அதைத் திருப்பி மாற்ற மறந்துவிடுகிறார்கள். இரண்டாவது தவறுக்கு, எந்தக் கிளை மேனேஜரும் ஒரே ஒரு செய்தியில் எல்லா நேரம் குறித்த பதிவுகளையும் நிறுத்தச் சொல்லும் அதிகாரம் வேண்டும். காரணம் கேட்காமல் முதலில் நிறுத்த வேண்டும், பிறகு பேசலாம். திரும்பத் தொடங்கும் அதிகாரம் தலைமைக்கு மட்டும்.

பழையது எங்கே ஒளிந்திருக்கும்

ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருப்போம். அதை ஹைலைட்டில் சேர்த்திருந்தால் அது இரண்டு வருடமானாலும் பக்கத்தின் தலையில் நிற்கும். பின் செய்து வைத்த பதிவு, வாட்ஸ்அப் வாழ்த்துச் செய்தி, கடை மூடியபின் தானாகப் போகும் பதில், பொருள் பட்டியலில் உள்ள விலை, ஃபேஸ்புக் அட்டைப் படம் ஆகியவையும் இப்படித்தான். கூகுளில் இன்னொரு தொல்லை: நேரம் தவறு என்று பொதுமக்களில் யாரும் திருத்தம் சொல்லலாம், அது ஏற்கப்பட்டால் உங்கள் நேரம் உங்களைக் கேட்காமலே மாறியிருக்கும். மின்னஞ்சலில் தகவல் வரும், ஆனால் அந்த மின்னஞ்சலைப் பார்ப்பவர் யார்?

திங்கள் காலையில் ஒருவர், நிறுவனக் கணக்குகள் எதிலும் நுழையாத ஒரு போனில், 17 கணக்கையும் வாடிக்கையாளர்போல் திறந்து பார்க்க வேண்டும். நேரம், போன் எண், முதலில் கண்ணில் படும் சலுகை ஆகிய மூன்றும் தாளோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அரை மணி நேர வேலை. அதோடு ஒவ்வொரு பில் கவுன்டரிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு. "ஆன்லைன்ல வேற போட்டிருந்தீங்களே" என்று யாராவது கேட்டால் தேதியும் ஒரு வரியும் எழுத வேண்டும். திங்கள்தோறும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துத் தலைமைக்கு அனுப்பட்டும். ஒரே கேள்வி இரண்டு கிளையில் வந்திருந்தால் கோளாறு தாளின் வாசகத்தில். ஒரே கிளையில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் அங்கே யாரோ இன்னும் சொந்தமாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்.